ஏப்ரல் 31 வரை குடியிருக்க முடியாது: வாடகைப் பத்திரத்தில் எழுத்துப்பிழை திருத்தக் கேட்கும் கடிதம்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ சென்னைக்கு வந்து முதன்முதலாக வீடு எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடு பிடித்துவிட்டது, முன்பணமும் கொடுத்தாயிற்று. வீட்டு உரிமையாளர் பக்கத்துத் தெரு தட்டச்சுக் கடையில் அடித்து வாங்கிய வாடகைப் பத்திரத்தை நீட்டி, "படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார். படித்தால் நாலைந்து இடத்தில் பிழை. சொன்னால் வீம்புக்காரன் என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கத்தில் பெரும்பாலானோர் அப்படியே கையெழுத்திடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் செய்தேன். என் முதல் வீட்டுப் பத்திரத்தில் கதவிலக்கத்தின் பழைய எண்ணும் புதிய எண்ணும் இடம் மாறியிருந்தன. சென்னையில் பல தெருக்களில் ஒரு வீட்டுக்கு இரண்டு எண்கள் உண்டு என்பது உங்களுக்கும் விரைவில் தெரிந்துவிடும். எரிவாயு இணைப்புக்கு விண்ணப்பித்தபோது முகவரி பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். திருத்தலாம் என்றால் உரிமையாளர் மகனைப் பார்க்க வெளிநாடு போயிருந்தார். மூன்று மாதம் ஓட்டல் சாப்பாடு. கையெழுத்துக்கு முன்பு ஒரு கடிதம் எழுதியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

கையெழுத்துக்கு முன்பே திருத்துவதற்குச் சட்டப்படியும் காரணம் இருக்கிறது. கையெழுத்தான பிறகு, "வாயால் பேசியது வேறு" என்று சொல்லிப் பத்திரத்தில் இருப்பதை மறுக்கச் சாட்சியச் சட்டம் எளிதில் இடம் தருவதில்லை. இரு தரப்பும் தவறுதலாக எழுதிவிட்ட ஒன்றைத் திருத்தித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்க 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் ஒரு வாடகை வீட்டுக்காக யார் அங்கே போவது?

முதலில் பிழை எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கே தேட வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபடும். கடைக்காரர் உங்கள் பத்திரத்தைப் புதிதாக எழுதுவதில்லை. போன மாதம் வேறு யாருக்கோ அடித்த கோப்பைத் திறந்து, பெயர், தொகை, தேதி, முகவரி ஆகியவற்றை மட்டும் மாற்றுகிறார். ஆகவே பிழைகள் இரண்டு வகை. மாற்றிய இடத்தில் விரல் தவறுவது ஒன்று. மாற்ற மறந்த இடத்தில் பழையது அப்படியே தங்கிவிடுவது இன்னொன்று. எட்டாவது ஷரத்தில் திடீரென "மேற்படி கடையை" என்று வந்தால், உங்கள் பத்திரம் ஒரு காலத்தில் மளிகைக் கடையின் வாடகைப் பத்திரமாக இருந்திருக்கிறது என்று பொருள். சிரிப்பதோடு நிறுத்தாமல் மற்ற ஷரத்துகளையும் ஒருமுறை சந்தேகத்தோடு பாருங்கள்.

தேடும்போது நினைவை நம்ப வேண்டாம். உங்கள் ஆதார் அட்டை, முன்பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், அந்த வீட்டின் மின்கட்டண ரசீது, ஒரு நாட்காட்டி ஆகிய நான்கையும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவர் பத்திரத்தைச் சத்தமாகப் படிக்கட்டும், நீங்கள் இந்தக் காகிதங்களைப் பாருங்கள். தனியாகப் படித்தால், இருக்க வேண்டியதைத்தான் கண் படிக்கும், இருப்பதைப் படிக்காது.

பெயரில் தலைப்பெழுத்தைக் கவனியுங்கள். ஆதாரில் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தாக இருப்பது, தமிழில் க, கா, கு, கோ என்று எதுவாகவும் ஆகிவிடும். தந்தை பெயரோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். உரிமையாளரின் பான் எண் பத்திரத்தில் இருந்தால் அதையும் பாருங்கள். வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்குக் கோருபவரின் ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் அந்த எண் அலுவலகத்தில் கேட்கப்படும். பான் எண்ணில் முதல் ஐந்தும் கடைசி ஒன்றும் எழுத்துகள், நடுவில் நான்கு இலக்கங்கள். அந்த நான்கில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஓ என்ற ஆங்கில எழுத்து உட்கார்ந்திருந்தால் அது பிழைதான்.

தொகையில் எண்ணும் எழுத்தும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். காசோலையில் இரண்டும் வேறுபட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும் என்று 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. மற்ற ஆவணங்களைப் படிக்கும்போதும் பொதுவாக இதே வழக்கம்தான். நம் கண்ணோ எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

தேதிதான் அதிகம் கெடுதல் செய்யும் இடம். வாடகைப் பத்திரங்கள் 11 மாதத்துக்கு எழுதப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். முடியும் ஆண்டில் ஒரே ஓர் இலக்கம் மாறி 2026 என்பது 2027 ஆகிவிட்டால் உங்கள் 11 மாதம் 23 மாதம் ஆகிவிடும். பதிவு செய்ய வேண்டிய, ஆனால் பதிவு செய்யாத பத்திரம் ஒன்று உங்கள் கையில் இருக்கும். தகராறு என்று வந்தால் அதன் நிபந்தனைகளை நிரூபிக்க அதைக் காட்ட முடியாமல் போகலாம்.

இத்தனையும் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு, கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. என் அனுபவத்தில் இதுதான் முக்கியமான வேலை. குறித்த பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். பேசியது ஒன்று, அடித்தது வேறொன்று என்று காகிதத்தாலோ கணக்காலோ காட்டக்கூடியவை மட்டும் எழுத்துப்பிழைகள். உங்களுக்குப் பிடிக்காதவை எழுத்துப்பிழைகள் அல்ல.

ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வாடகை ஏற்றுவதாகப் பேசினார்கள், பத்திரத்தில் பத்து என்று இருக்கிறது. விரல் தவறியதாகவும் இருக்கலாம், உரிமையாளர் மனம் மாறியதாகவும் இருக்கலாம். இதைப் "பிழை" என்று கடிதத்தில் எழுதினால், மனம் மாறியவருக்கு அது குற்றச்சாட்டாகத் தோன்றும். அதன்பின் உங்கள் உண்மையான பிழைகளையும் அவர் பேரமாகவே படிப்பார். இப்படிப்பட்டதைத் தொலைபேசியில் தனியாகக் கேளுங்கள். "ஐந்து என்று பேசியதாக எனக்கு நினைவு, பத்திரத்தில் பத்து என்று இருக்கிறது, எது சரி?" என்ற அளவில் போதும். அவர் "அடடா, அது ஐந்துதான்" என்றால் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளலாம். "இல்லை, பத்துதான்" என்றால் அது வேறு பேச்சு. கடிதத்துக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். காலி செய்யும்போது வெள்ளையடிப்புக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது, ஆணி அடிக்கக் கூடாது என்பது போன்றவையும் அப்படித்தான்.

இப்போது ஒரு கற்பனைப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை, தரைத்தளத்தில் இருக்கிறார். வாடகைக்கு விடுவது முதல் மாடி. பேசிய வாடகை ரூ.14,500. முன்பணம் ஐந்து மாத வாடகை, அதாவது ரூ.72,500, வங்கி வழியாக அனுப்பியாயிற்று. காலம் 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து 11 மாதம். பத்திரத்தில் கண்ட பிழைகள் ஐந்து. அவற்றுக்கான கடிதம் இது:

அனுப்புநர்
(உங்கள் பெயர், தற்போதைய முகவரி, கைபேசி எண்)

பெறுநர்
(உரிமையாளரின் பெயர், முகவரி)

நாள்: 26.05.2025

பொருள்: முதல் மாடி வீட்டின் வாடகைப் பத்திரம், கையெழுத்துக்கு முன் சில எழுத்துப்பிழைகளைத் திருத்த வேண்டுதல்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் 24ஆம் தேதி தந்த வாடகைப் பத்திரத்தின் பிரதியை முழுவதும் படித்தேன். நாம் பேசிக்கொண்ட நிபந்தனைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றில் மாற்றம் எதுவும் நான் கேட்கவில்லை. தட்டச்சு செய்யும்போது ஐந்து இடங்களில் எழுத்தும் எண்ணும் மாறியிருப்பதாகத் தெரிகிறது. அவற்றைக் கீழே குறித்திருக்கிறேன்.

1. பக்கம் 1, ஷரத்து 2: மாத வாடகை எண்ணில் ரூ.14,500 என்று சரியாக இருக்கிறது. எழுத்தில் "பதினைந்தாயிரத்து ஐந்நூறு" என்று உள்ளது. "பதினான்காயிரத்து ஐந்நூறு" என்று இருக்க வேண்டும்.

2. பக்கம் 1, ஷரத்து 3: முன்பணம் ரூ.27,500 என்று உள்ளது. மே 20ஆம் தேதி தங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பியது ரூ.72,500. அதன் விவரத்தை இணைத்திருக்கிறேன். தொகையை எழுத்திலும் குறிப்பிட்டால் நலம்.

3. பக்கம் 1, ஷரத்து 4: காலம் 11 மாதம் என்றும், முடியும் நாள் 31.04.2026 என்றும் உள்ளது. ஏப்ரலுக்கு 30 நாள்தான் என்பதால் 30.04.2026 என்று இருக்க வேண்டும்.

4. பக்கம் 2, ஷரத்து 8: "மேற்படி கடையை" என்று உள்ளது. "மேற்படி வீட்டை" என்று இருக்க வேண்டும்.

5. பக்கம் 3, சொத்து விவரம்: "இரண்டாம் மாடி" என்று உள்ளது. "முதல் மாடி" என்று இருக்க வேண்டும். மின் இணைப்பு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் இடம் மாறியிருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க மின்கட்டண ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன்.

இவற்றைத் தாங்கள் சரிபார்த்துச் சம்மதம் தெரிவித்தால், தட்டச்சுக் கடைக்கு நானே சென்று திருத்தி வாங்கி வருகிறேன். புதிய முத்திரைத்தாள் தேவைப்பட்டால் அந்தச் செலவையும் ஏற்றுக்கொள்கிறேன். 29ஆம் தேதி மாலை தங்கள் வீட்டுக்கு வந்து, தங்கள் முன்னிலையில் கையெழுத்திட அணியமாக இருக்கிறேன். வேறு நேரம் வசதி என்றால் தெரிவிக்கவும்.

நன்றி.

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர்)

இணைப்பு: வங்கிப் பணப் பரிமாற்ற விவரம், மின்கட்டண ரசீது நகல்

கடிதத்தில் சில சொற்களை வேண்டுமென்றே தேர்ந்திருக்கிறேன். "நிபந்தனைகளில் மாற்றம் எதுவும் கேட்கவில்லை" என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். பெரிய பட்டியலைப் பார்த்ததும் எந்த உரிமையாளருக்கும் வயிற்றைக் கலக்கும். இந்த ஒரு வரி அதை அடக்கும். "தாங்கள் தவறாகக் குறிப்பிட்டுள்ளீர்கள்" என்று எங்கும் இல்லை. "என்று உள்ளது, என்று இருக்க வேண்டும்" என்ற அமைப்பில் தவறு செய்த ஆளே இல்லை. "தட்டச்சு செய்யும்போது" என்பதற்கு மேல் கடைக்காரரையும் இழுக்காதீர்கள். அவர் உரிமையாளருக்குச் சொந்தக்காரராகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு பிழைக்கும் பக்கமும் ஷரத்தும் இருப்பதைக் கவனியுங்கள். "முன்பணத் தொகை தவறாக உள்ளது" என்று மட்டும் எழுதினால், வயதானவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டு மூன்று பக்கத்தையும் புரட்ட வேண்டும். சலிப்பில் "வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று வைத்துவிடுவார். முதல் பிழை, உரிமையாளருக்குச் சாதகமான பிழை. இரண்டாவதும் அப்படித்தான், அதுவும் ரூ.45,000 வித்தியாசம். இருந்தும் அவற்றுக்கு மட்டும் சூடான சொல் எதையும் போடவில்லை. மளிகைக் கடை மிச்சத்தைச் சொன்ன அதே குரலில் சொல்லியிருக்கிறது. அவருக்கு நட்டம் தரும் பிழை எதையாவது கண்டிருந்தால் அதையும் கட்டாயம் சேருங்கள். வாடகை குறைவாக அடிக்கப்பட்டிருப்பதை நீங்களே சொன்னால், மற்ற நான்கையும் அவர் கேள்வி கேட்காமல் ஏற்பார். நேர்மைக்காகச் செய்ய மனமில்லாவிட்டாலும் தந்திரத்துக்காகவாவது செய்யலாம்.

செலவை ஏற்பதாகச் சொன்னது பெருந்தன்மைக்காக அல்ல. வழக்கமாக முத்திரைத்தாளில் முதல் பக்கம் மட்டும்தான் அச்சாகும். மற்றப் பக்கங்கள் சாதாரணத் தாள். நம் பத்திரத்தில் ஐந்தில் மூன்று பிழைகள் முதல் பக்கத்தில் இருக்கின்றன. அந்தத் தாள் வீணாகிவிடுமே என்பதுதான் உரிமையாளரின் முதல் தயக்கமாக இருக்கும், வெளியே சொல்லமாட்டார். பிழை எல்லாம் பின்பக்கங்களில் என்றால் அவற்றை மட்டும் மாற்றினால் போதும் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்த முறை வீடு மாறும்போது, முத்திரைத்தாளில் ஏற்றும் முன் வெள்ளைத்தாளில் ஒரு படி கேளுங்கள். கோப்பாக அனுப்பச் சொன்னால் பி.டி.எஃப். ஆகக் கேளுங்கள், பல கடைகளில் இன்னும் பழைய தமிழ் எழுத்துருக்கள்தான், உங்கள் கைபேசியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

கடிதத்தை நேரில் கொடுப்பது நல்லது. கொடுத்த அன்றே அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவையுங்கள். வெளியூரில் இருக்கும் மகனோ மகளோதான் முடிவெடுப்பவர் என்றால் அது அவர்களுக்கு எளிதாகப் போய்ச் சேரும். "சரி, திருத்திக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி பதில் வந்தால் அதை அழிக்காதீர்கள்.

சில உரிமையாளர்கள், "இதெல்லாம் ஒரு பெயருக்குத்தானே தம்பி, நான் ஏமாற்றவா போகிறேன்?" என்பார்கள். அவர் ஏமாற்றமாட்டார் என்பது உண்மையாகவே இருக்கலாம். அதோடு மல்லுக்கட்டாமல் மூன்றாவது ஆள் ஒருவரைக் காட்டுங்கள். "அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் அம்மா, எண்ணும் எழுத்தும் பொருந்தவில்லை என்றால் திருப்பிவிடுவார்கள்" என்பது பொய்யும் அல்ல. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள புதிய வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். இது முன்பு சொன்ன பதிவுச் சட்டப்படியான பதிவு அல்ல, வேறு. அதற்கான தளம் tenancy.tn.gov.in. அங்கே பெயரும் தேதியும் தொகையும் கேட்கப்படும்போது ஏப்ரல் 31 எடுபடாது.

புதிதாக அச்சிட அவர் ஒப்பவே இல்லை, கையால் திருத்தலாம் என்கிறார் என்றால், ஓரிரு சிறு பிழைகளுக்கு அதுவும் செல்லும். தவறான சொல்லின்மேல் ஒரே ஒரு கோடு போடுங்கள், கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். மேலே சரியானதை எழுதி, பக்கத்து ஓரத்தில் இரண்டு பேரும் சுருக்கொப்பம் இட வேண்டும். பக்கத்தின் அடியில் "அடித்தல் 1, திருத்தல் 1" என்று குறிப்பது பத்திர எழுத்தர்களின் பழைய வழக்கம். பின்னால் யாரும் புதிதாக எதையும் நுழைக்க முடியாது. வெள்ளை மை பூசி அதன்மேல் எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கீழே என்ன இருந்தது என்பது மறைந்துவிட்டால் சந்தேகம்தான் மிஞ்சும். முன்பணம் போன்ற பெரிய தொகையைக் கையால் திருத்த ஒப்பாதீர்கள். அந்த ஒரு பக்கத்துக்காவது புது முத்திரைத்தாள் வாங்குங்கள்.

திருத்திய பத்திரம் கைக்கு வந்ததும் ஐந்து இடங்களை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டாம். "கடை" என்பதை "வீடு" என்று ஒரே அடியில் மாற்றும் வசதி கணினியில் இருக்கிறது. அவசரத்தில் அதைப் பயன்படுத்தியதால், முகவரியில் "கடைவீதி" என்று இருந்தது "வீடுவீதி" ஆகிவிடலாம். ஆகவே மறுபடியும் முதல் வரியிலிருந்து, இன்னொருவர் படிக்க, நீங்கள் காகிதங்களைப் பார்க்க வேண்டும்.

பழைய பக்கங்கள் மேசையில் கிடந்தால் புதியவற்றோடு கலந்து, முதல் பக்கம் புதிது, இரண்டாம் பக்கம் பழையது என்று பின் அடித்துவிடுவார்கள். எனக்கு இரண்டாவது வீட்டில் இதுவும் நடக்கப் பார்த்தது. இப்போதெல்லாம் பழைய தாள்களின் குறுக்கே பெரிதாக ஒரு கோடு இழுத்து, தனியே எடுத்து வைத்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.